முகப்பரு, மீசை முடி, கழுத்துக் கறுப்பு: வன்னிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

எனக்கு 17 வயசு. முகம் முழுக்கப் பரு. இது ஹோர்மோன் பிரச்சினை எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா. உண்மையோ?

பரு மட்டும்தான் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆண் ஹோர்மோன் என்று நாம் சொல்வது பெண் உடம்பிலும் சிறிய அளவில் சுரக்கிறது. பெரியபிள்ளையாகும் வயதில் அது கூடும்போது தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகி, துவாரங்கள் அடைபட்டுப் பரு வருகிறது. உங்கள் வயதில் நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் கன்னத்திலும் பரு இல்லாத பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

நான் யோசிக்கத் தொடங்குவது பரு இருக்கும் இடத்தையும் அதன் போக்கையும் பார்த்துத்தான். தாடை ஓரம், நாடி, காதுக்குக் கீழே, கழுத்து ஆகிய இடங்களில், தொட்டால் நோகும் ஆழமான கட்டிகளாக, முனை வைக்காமலே வாரக்கணக்கில் கிடக்கும் பரு ஒரு வகை. மாதவிடாய்க்கு ஒரு கிழமைக்கு முன்னர் அது கிளம்பும். 25 வயது தாண்டியும் விடாமல் வந்தால், அல்லது ஒழுங்கான மருந்தை மூன்று மாதம் பூசியும் அசையாமல் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். அப்போதும் பருவை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. அடுத்து நான் கேட்பது, மாதவிடாய் எப்படி வருகிறது, முகத்தில் தடித்த முடி இருக்கிறதா, கழுத்து எப்படி இருக்கிறது என்ற மூன்றையும்தான்.

கழுத்தின்ர பின்பக்கம் கறுத்துப்போய் இருக்கு. பீர்க்கங்காய்த் தும்பால தேய்ச்சுக் குளிச்சும் போகேல்லை. எங்கட கிணத்துத் தண்ணி உவர், அதாலயோ?

தண்ணீர் காரணமில்லை. தண்ணீர்தான் காரணம் என்றால் அதில் நனையும் முதுகும் கையும் அல்லவா சேர்ந்து கறுத்திருக்க வேண்டும்? அழுக்கும் காரணமில்லை. இந்தப் பிள்ளைகள்தான் வீட்டில் எல்லோரையும் விடக் கூடுதலாகத் தேய்த்துக் குளிப்பவர்கள். "கழுத்தைக் கழுவடி" என்ற ஏச்சைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டுப் பின்னலை இறக்கிப் போட்டுக் கழுத்தை மறைக்கப் பழகியவர்கள்.

விரலால் தடவிப் பாருங்கள். வெறும் நிறமாற்றம் என்றால் தோல் வழமை போல வழுக்கும். நான் சொல்லும் கறுப்பில் தோல் கொஞ்சம் தடித்து, வெல்வெட் துணி போலச் சொரசொரத்து, குறுக்குக் கோடுகள் ஆழமாகத் தெரியும். சிலருக்கு அதன் மேலேயே சின்னச் சின்னத் தோல் மருக்கள் தொங்கும். வயலிலும் தோட்டத்திலும் நிற்கும் பிள்ளைக்கு வெயிலாலும் கழுத்துக் கறுக்கும்தான். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, கையைத் தூக்கிக் கமக்கட்டைப் பார்ப்பது. அங்கே வெயில் படாது. கமக்கட்டும், தொடை இடுக்கும், சில வேளை விரல் மூட்டுகளின் மேற்புறமும் அதே மாதிரிக் கறுத்துத் தடித்திருந்தால் வெயில் மீது பழி போட முடியாது. சங்கிலி உரசும் கோடு மட்டும் கறுத்திருந்தால் அது வேறு கதை. பஞ்சில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து அழுத்தித் துடைத்தால் முழுக்கக் கழன்று வரும் ஒரு கறுப்பும் உண்டு. சவர்க்காரத்துக்குப் போகாது, ஸ்பிரிட்டுக்குப் போய்விடும். அதுவும் தீங்கற்றது.

வெல்வெட் போன்ற கறுப்புக்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். இரத்தத்தில் இன்சுலின் வேண்டியதை விடக் கூடுதலாக இருப்பதைத் தோல் இப்படிக் காட்டுகிறது. அந்த இன்சுலின் தோல் கலங்களை வேகமாகப் பெருக வைப்பதால்தான் தோல் தடிக்கிறது. தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடித்துக் கறுக்கும். ஆகவே தும்பை இன்றோடு நிறுத்துங்கள்.

பரு முகத்தில, முடி நாடியில, கறுப்பு கழுத்தில. மூண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இன்சுலினின் வேலை இரத்தத்தில் உள்ள சீனியைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்புவது. சிலரது உடம்பில் தசையும் ஈரலும் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. காது மந்தமானவரோடு கதைக்கும்போது நாம் குரலை உயர்த்துவது போல, கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. சீனி அளவு அதனால் பல வருடங்களுக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் சூலகத்துக்கும் தோலுக்கும் காது நன்றாகக் கேட்கும். அவற்றுக்கு அந்தச் சத்தம் மிகப் பலமாக விழுகிறது.

கழுத்துத் தோல் தடித்துக் கறுப்பது அதனால்தான். சூலகமோ தேவைக்கு மேல் ஆண் ஹோர்மோனைச் சுரக்கிறது. அதோடு, ஆண் ஹோர்மோனைப் பிடித்து அடக்கி வைத்திருக்கும் ஒரு புரதத்தை ஈரல் உண்டாக்குவதும் கூடுதல் இன்சுலினால் குறைந்துவிடுகிறது. ஆகவே இரத்தத்தில் மொத்த அளவு கொஞ்சம்தான் கூடியிருந்தாலும், சுதந்திரமாகத் திரியும் ஹோர்மோன் நன்றாகவே கூடிவிடும். அது எண்ணெய்ச் சுரப்பிக்குப் போனால் பரு. முடிக்காலுக்குப் போனால் மெல்லிய பூனைமுடி தடித்த கறுத்த முடியாக மாறும். சூலகத்துக்குள்ளேயே முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்பட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும்.

இவை சேர்ந்து வரும் நிலையைத்தான் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். தமிழில் பல்பை சூலக நோய்க்குறி. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், 100 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு இது இருந்தது. எனவே ஊரில் இது உங்களுக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லை.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பருவும் முடியும் ஆண் ஹோர்மோனைப் பற்றிச் சொல்கின்றன. கழுத்து சொல்வது இன்சுலினைப் பற்றி, அதாவது பின்னாளில் வரக்கூடிய சலரோகத்தைப் பற்றி. மாதவிடாய் ஒழுங்காக வந்து, முகத்தில் ஒரு முடிகூட இல்லாத பிள்ளைக்கும் கழுத்துக் கறுத்திருந்தால் சீனியைச் சோதிக்கத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், இந்த மூன்றில் ஆட்கள் ஆகக் குறைவாகக் கவனிப்பதும் ஆகக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதும் கழுத்துத்தான்.

எங்கட குடும்பத்தில பொம்பிளையள் எல்லாருக்கும் மேல் உதட்டில முடி இருக்கு. எவ்வளவு இருந்தா கூட எண்டு சொல்லுவீங்கள்?

எங்கள் ஆட்களுக்கு மேலுதட்டில் மெல்லிய முடி இருப்பது இயல்புதான். முன்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் உள்ள முடியை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. தடித்த, கறுத்த, அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் வளரும் முடி, ஆண்களுக்கு வளரும் இடங்களில் வருகிறதா என்றுதான் பார்ப்போம்.

அதற்கு ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. மேலுதடு, நாடி, நெஞ்சு, மேல்வயிறு, அடிவயிறு, மேற்கை, தொடை, மேல்முதுகு, கீழ்முதுகு என ஒன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து 4 வரை புள்ளி. மொத்தம் 4 முதல் 6 வரை வந்தாலே கூடுதல் என்று எடுக்கலாம். மேலுதட்டு ஓரத்தில் நாலு முடி இருந்தால் 1 புள்ளி. நாடியில் அங்குமிங்குமாகத் திட்டுத் திட்டாக முளைத்திருந்தால் 2. தொப்புளிலிருந்து கீழே ஒரு கோடாக முடி இறங்குகிறதா என்பதை நாங்கள் தனியாகக் கேட்போம். அதை யாரும் தாங்களாகச் சொல்வதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளினிக்குக்கு வருவதற்கு முதல் நாள் பார்லருக்குப் போய் நூல் போட்டு முகத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு வருகிறார்கள். வெளியில் போகும்போது வடிவாகப் போக வேண்டும் என்ற எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பார்க்கிற டொக்டருக்கு அங்கே ஒன்றும் தெரியாது. மூன்று நாலு கிழமை எடுக்காமல் விட்டு வாருங்கள். அது முடியாவிட்டால் எடுப்பதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். எத்தனை நாளைக்கு ஒரு தடவை நூல் போட வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். கிழமைக்கு இரு தடவை என்று ஒருத்தி சொன்னால் அதுவே பாதிப் பதில்.

பீரியட் எவ்வளவு தள்ளிப்போனா பயப்பட வேணும்?

பெரியபிள்ளையாகி முதல் ஒரு வருடம் எப்படி வந்தாலும் விட்டுவிடலாம். ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை, ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 45 நாளுக்கு மேல் போனால் அது ஒழுங்கின்மை. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த எல்லை 35 நாள். வருடத்துக்கு எட்டுத் தடவைக்குக் குறைவாக வருவதும் அதே கணக்குத்தான். 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வருவதும் ஒழுங்கின்மையே. முதல் வருடம் கழிந்த பிறகு, ஒரே ஒரு தடவை 90 நாள் தாண்டினாலும் வந்து காட்டுங்கள். 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாதவர்களும் அப்படித்தான்.

வீட்டுக் கலண்டரில் முதல் நாளுக்கு ஒரு வட்டம் போட்டு வாருங்கள். "கொஞ்சம் முந்திப் பிந்தி வரும் டொக்டர்" என்ற பதிலை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு மாத வட்டங்களைக் கண்டால் சில நேரம் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே விடை தெரிந்துவிடும்.

ஸ்கான் எடுத்ததில சூலகத்தில நிறையக் கட்டியாம். ஒப்பரேஷன் செய்யோணுமோ?

வேண்டாம். அவை கட்டிகளே அல்ல. ஒவ்வொரு மாதமும் வளரத் தொடங்கி, முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர்தான். வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று, உங்களுக்கு அந்த ஸ்கானே தேவைப்பட்டிருக்காது. பெரியபிள்ளையாகி எட்டு வருடத்துக்குள் உள்ள பிள்ளைகளின் சூலகம் இயல்பாகவே அப்படித்தான் தெரியும். அதனால் அந்த வயதில் ஸ்கானை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று சொல்லக் கூடாது என்பதே இப்போதைய சர்வதேச வழிகாட்டல். மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹோர்மோன் கூடியதற்கான அடையாளம் ஆகிய இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் இளம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கலாம். வளர்ந்த பெண்களுக்கு ஸ்கானையும் சேர்த்து மூன்றில் இரண்டு இருந்தால் போதும். 16 வயதுப் பிள்ளையின் ஸ்கான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடே அழுவதைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். பிள்ளை மேல் அல்ல, அந்த ஸ்கானுக்கு எழுதிக் கொடுத்தவர் மேல்.

ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன செய்வினம்? என்னென்ன ரெஸ்ட்?

ஒருத்தியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது 20. கிளிநொச்சிப் பக்கம். உயர்தரம் முடித்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை. 12 வயதில் பெரியபிள்ளையானவள். போன வருடம் மாதவிடாய் ஐந்து தடவைதான் வந்தது. வேலைக்குப் போய் இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ கூடிவிட்டது. தாய்க்கு 38 வயதிலேயே சலரோகம். அவள் வந்தது தாடையில் உள்ள பருவுக்கு மருந்து கேட்டு.

நிறை 68 கிலோ, உயரம் 154 சென்ரிமீற்றர். உடல் திணிவுச் சுட்டி 28.7. எங்கள் ஆட்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும். இரத்த அழுத்தம் 124/80. தாடையிலும் நாடிக்குக் கீழும் ஆழமான பரு, ஆறிய இடங்களில் கறுத்த தழும்பு. முடிப் புள்ளி மேலுதடு 2, நாடி 2, அடிவயிறு 2, நெஞ்சு 1, தொடை 1, ஆக மொத்தம் 8. கழுத்தும் கமக்கட்டும் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்திருக்கின்றன. குரல் மாறவில்லை, வயிற்றில் அகலமான ஊதா வரிகள் இல்லை.

முதலில் கர்ப்பப் பரிசோதனை. கலியாணம் ஆகாத பிள்ளையிடம் இதைக் கேட்டால் கூட வந்த தாய்க்கு முகம் மாறும். மாதவிடாய் தள்ளிப்போன எல்லோருக்கும் செய்யும் வழமைதான் இது, எவரையும் சந்தேகப்பட்டு அல்ல. பிறகு தைரொயிட், பால் சுரக்க வைக்கும் ஹோர்மோனான புரோலக்டின், ஆண் ஹோர்மோனான ரெஸ்ரொஸ்ரெரோன், 17-ஹைட்ரொக்சி புரோஜெஸ்ரரோன். கடைசியாகச் சொன்னது, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனற் சுரப்பியில் பிறப்பிலேயே வரும் ஒரு குறைபாட்டைப் பிரித்தறிய. பரம்பரையாக வருவதால் மச்சான் மச்சாள் கலியாணம் வழமையாக உள்ள குடும்பங்களில் அதை மறக்கக் கூடாது. அவளுக்கு ரெஸ்ரொஸ்ரெரோன் மேல் எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறது. மற்றவை சரி.

அடுத்தது சீனி. வெறுவயிற்றில் 102 மில்லிகிராம். இதோடு நிறுத்தியிருந்தால் "கொஞ்சம் கூட, பரவாயில்லை" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தபோது 168. 140க்கு மேலே, 200க்குக் கீழே என்றால் சலரோகத்துக்கு முந்திய நிலை. கழுத்து முதலிலேயே சொன்னது இதைத்தான். இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு வெறுவயிற்றுச் சீனி மட்டும் போதாது, குளுக்கோஸ் குடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கான் எடுக்கவில்லை. மாதவிடாயும் முடியும் சேர்ந்து ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டன. இரத்த இன்சுலின் அளவும் பார்க்கவில்லை. பல இடங்களில் காசு வாங்கிச் செய்கிறார்கள், அது சிகிச்சையை மாற்றப் போவதில்லை.

கலியாணம் கட்டாத பிள்ளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை தந்திருக்கினம். ஊர் என்ன சொல்லும்?

அந்த மாத்திரைக்குள் இருப்பது இரண்டு பெண் ஹோர்மோன்கள். அவை சூலகம் ஆண் ஹோர்மோன் சுரப்பதைக் குறைத்து, அதைப் பிடித்து வைக்கும் புரதத்தையும் கூட்டுகின்றன. மாதம் ஒழுங்காக உதிரம் போவதால் கருப்பை உட்சுவரும் பாதுகாப்பாக இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் உதிரம் போகாமல் வருடக்கணக்கில் விட்டால் அந்தச் சுவர் தடித்துக்கொண்டே போகும், அது நல்லதல்ல. பின்னாளில் பிள்ளை பிறப்பதை மாத்திரை தடுக்காது.

ஊர்வாயைப் பற்றி எனக்கும் தெரியும். மாத்திரை அட்டையை எடுத்து வேறு பெட்டியில் போட்டு வைக்கும் தாய்மார் உண்டு, அதில் ஒரு பிழையும் இல்லை. நான் கவலைப்படுவது வேறு விடயத்துக்கு. கண்முன் ஒளி வளைந்து தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலையிடி, கால் நரம்பில் இரத்தம் கட்டிய வரலாறு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால் இந்த மாத்திரை கூடாது. டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கற்பனைப் பிள்ளைக்குத் திரும்பி வருவோம். அவளுக்கு இந்த மாத்திரையோடு, சீனிக்காக மெற்ஃபோமின் 500 மில்லிகிராம், சாப்பாட்டோடு ஒரு நேரம் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது. முதல் இரண்டு கிழமை வயிற்றைப் பிரட்டும், போய்விடும். பருவுக்கு காலையில் பென்சோயில் பெரொக்சைட், இரவில் அடாபலீன், பயறளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிதாக. அடாபலீன் கர்ப்பம் தங்க விரும்புவோர் தவிர்க்க வேண்டியது. முதல் மாதம் தோல் உரியும், சில வேளை பரு கூடின மாதிரியும் இருக்கும். அந்த நேரத்தில்தான் அநேகர் குப்பியை எறிகிறார்கள். 12 கிழமை கழித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

முடி எப்ப குறையும்? சவரம் செய்தா கூடும் எண்டு சொல்லுறினமே?

சவரத்தால் முடி கூடாது, தடிக்காது. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடித்தது போலத் தெரியும், அவ்வளவுதான். நூல் போடலாம், சவரம் செய்யலாம், எது வசதியோ அது.

மருந்தால் முடி குறைய குறைந்தது ஆறு மாதம். ஏற்கெனவே தடித்த முடி தன் ஆயுள் முடிந்து உதிர வேண்டும். புதிதாகத் தடிப்பதை மட்டும்தான் மருந்து தடுக்கும். ஆறு மாதத்தில் போதாவிட்டால் ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பார்கள். அதைக் குடிக்கும் காலத்தில் கர்ப்பம் தங்கவே கூடாது, வயிற்றில் உள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். லேசர் நல்லதுதான், ஆனால் ஹோர்மோனைக் கட்டுப்படுத்தாமல் லேசருக்குப் போனால் காசுதான் குறையும்.

வெள்ளையாக்கிற கிறீம் பூசினன். முதல் நல்லா இருந்தது, இப்ப பருவும் முடியும் கூடிப்போச்சு.

கிறீமை நிறுத்துங்கள். பெயர் ஒட்டாத சின்னக் குப்பியில், கடையில் கலந்து விற்கும் கிறீம்கள் பலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கும். முதல் இரண்டு கிழமை முகம் பளிச்சென்று வரும். பிறகு ஒரே அளவான சின்னப் பருக்கள், மெல்லிய முடி, சிவப்பு நரம்புகள், வெயிலில் எரிவு. நிறுத்தியவுடன் இன்னும் மோசமாகும், அதனால் பயந்து திரும்பவும் பூசுவார்கள். அந்தக் குப்பியையே டொக்டரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். சூலகத்தில் ஒரு பிழையும் இல்லாமல், கிறீமாலேயே வந்த பருவையும் முடியையும் பி.சி.ஓ.எஸ். என்று சோதித்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது.

வலிப்புக்குக் குடிக்கும் வல்புரோயேற் மாத்திரையும் மாதவிடாயைக் குழப்பி இதே தோற்றத்தைத் தரலாம். அதை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்துவிடும். எழுதிய டொக்டரிடம் கேளுங்கள். கையில் வைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக் குச்சியால் பரு கூடுபவர்களும் உண்டு.

கழுத்துக்கு எந்தக் கிறீம் நல்லது?

கிறீமால் கொஞ்சம்தான் மாறும். யூரியா கலந்த கிறீம் தடிப்பை மென்மையாக்கும், ரெற்றினோயிட் கிறீம் ஓரளவு நிறத்தைக் குறைக்கும். உண்மையான மருந்து இன்சுலின் குறைவதுதான். நிறையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் கழுத்து வெளிக்கத் தொடங்கும், மாதவிடாயும் பலருக்குத் திரும்பும். 68 கிலோப் பிள்ளைக்கு அது மூன்றரை கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை.

சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. தேத்தண்ணியிலிருந்து தொடங்குங்கள். தொழிற்சாலையிலும் வீட்டிலுமாக நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் எட்டுக் கரண்டி. அதற்கு மேல் பத்து மணிக்கு பணிஸ், பின்னேரம் சோடா. முதல் இதைக் குறைத்துவிட்டுப் பிறகு சோற்றின் அளவைப் பார்ப்போம். கோப்பையில் பாதி மரக்கறியாக, பருப்போ மீனோ முட்டையோ கூட இருக்கட்டும். நடை நாளுக்கு அரை மணித்தியாலம், வேகமாக. பஸ்ஸில் இறங்கும் இடத்துக்கு முன் ஒரு ஹோல்ட்டில் இறங்கி நடந்தாலும் கணக்குத்தான்.

நான் மெலிவு. எனக்கும் இது வருமோ?

வரும். மெலிந்த பெண்களுக்கும் பி.சி.ஓ.எஸ். உண்டு, குளுக்கோஸ் சோதனை அவர்களுக்கும் வேண்டும். நிறை குறைக்கும் அறிவுரையை மட்டும் உங்களுக்குக் கொடுக்கக் கூடாது. பட்டினி கிடந்து நிறை இறங்கி மாதவிடாய் நின்றால் அது வேறு பிரச்சினை.

இது இருந்தா பிள்ளை பிறக்காதாமே? கலியாணப் பேச்சு நடக்குது.

பிறக்கும். பெரும்பாலானோருக்குச் சிகிச்சை இல்லாமலோ மாத்திரை உதவியாலோ பிள்ளை தங்குகிறது. முட்டை வெளிவராததுதான் தடை, அதற்கு லெற்ரசோல் போன்ற மாத்திரைகள் உண்டு. மாதவிடாய் வரவில்லை, இனிப் பிள்ளை தங்காது என்று நினைத்துக்கொண்டு கவனமில்லாமல் இருந்து கர்ப்பமானவர்களும் இருக்கிறார்கள். தங்கும் முன் சீனியைச் சரிபார்ப்பது அவசியம், கர்ப்ப காலச் சலரோகம் இவர்களுக்குக் கூடுதல்.

எப்ப உடன ஓடிப்போகோணும்?

பி.சி.ஓ.எஸ். மெதுவாக, வருடக்கணக்கில் வரும். முடி சில மாதத்துக்குள் திடீரென்று முகத்திலும் உடம்பிலும் பரவினால், குரல் தடித்தால், முன்னந்தலை மொட்டையாகினால், தசை கூடினால், பிறப்புறுப்பில் முன்பக்க மொட்டு பெருத்தால் காத்திருக்கக் கூடாது. சூலகத்திலோ அதிரீனற் சுரப்பியிலோ ஹோர்மோன் சுரக்கும் கட்டி ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரிதானதுதான், ஆனால் தவறவிடக் கூடாதது. முகம் உருண்டு, தோல் தட்டினாலே கன்றி, வயிற்றில் அகல ஊதா வரிகள் விழுந்து, கீழே குந்தியிருந்து எழும்பக் கஷ்டமாக இருந்தால் கோட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடிய நிலையாக இருக்கலாம். முலைக்காம்பில் பால் கசிவதும், அதோடு தலையிடியும் பார்வைக் குறைவும் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

வன்னியில எங்க போறது? என்ன கொண்டு போகோணும்?

பக்கத்து ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவே தொடக்கம். அங்கிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்கு எழுதித் தருவார்கள். பெரிய சந்தேகம் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் அனுப்பலாம். வெளிநோயாளர் பிரிவில் கூட்டத்துக்குள் நின்று முடியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தால், ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் கதைத்தாலும் அவ வழி சொல்லித் தருவா.

கலண்டர், இப்போது குடிக்கும் மருந்துகள், பூசும் கிறீம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். வீட்டில் யாருக்குச் சலரோகம், எந்த வயதில் தொடங்கியது என்று முன்பே கேட்டு வையுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை ஏற்கெனவே குடிப்பவர் என்றால் சொல்லியே ஆக வேண்டும். அதைக் குடிக்கும்போது எடுத்த ரெஸ்ரொஸ்ரெரோன் அளவை நம்ப முடியாது, நிறுத்தி மூன்று மாதம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். குளுக்கோஸ் சோதனைக்கு முதல் நாள் இரவு சாப்பிட்டபின் எட்டு மணித்தியாலமாவது தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை. குளுக்கோஸைக் குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருக்க வேண்டும், இடையில் கன்ரீனுக்குத் தேத்தண்ணிக்குப் போனால் சோதனை பிழைத்துவிடும். முதல் பஸ்ஸில் போங்கள், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் இரண்டாவது ஊசி குத்தி முடிந்ததும் சாப்பிடுங்கள்.